பெட்டி இல்லாத சூப்பர் ஹீரோ பொம்மை: அது யார் என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் போன வருடம் ஊருக்கு வந்தபோது, ஒரு துணிப்பை நிறையப் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினான். அங்கே யாரோ வீடு காலி செய்தபோது விற்றவை. பெட்டி கிடையாது, அட்டை கிடையாது, கையில் ஆயுதம் கிடையாது. பையின் அடியில் ஏழெட்டு துண்டு துக்கடா சாமான்கள் தனியாகக் கிடந்தன. அவற்றில் உள்ளங்கை நீளத்தில் முழுக்கக் கருப்பான ஒரு உருவம் இருந்தது. நெஞ்சில் வெள்ளைச் சிலந்தி, முகத்தில் இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள். "இது வெனம்டா மாமா, வில்லன்" என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். கூடவே கிடந்த சதுரமான கேடயத்தை எடுத்து அதன் கையில் மாட்டியும் விட்டான். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்குள் ஒரு பொம்மையை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேகரிக்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: முதலில் நிறத்தையும் நெஞ்சுச் சின்னத்தையும் பார்த்துப் பெயர் வைத்துவிடுகிறார்கள். நிறம்தான் பொம்மையில் மிக மலிவாக மாற்றக்கூடிய விஷயம். ஒரு அச்சை உருவாக்கத்தான் தொழிற்சாலைக்குப் பெரிய செலவு. அதனால் ஒரே அச்சில் வார்த்த உடம்புக்குச் சாயத்தையும் தலையையும் மாற்றி அடுத்த ஆளாக விற்பார்கள். எனவே நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் உயரமும் மூட்டுகளும்

ஒரு அளவுகோலை எடுத்துப் பாதத்திலிருந்து உச்சந்தலைவரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் உடம்பில் எத்தனை இடம் அசைகிறது என்று எண்ணுங்கள். யார் என்ற கேள்விக்கு இது பதில் சொல்லாது. எந்த வரிசையைச் சேர்ந்தது, ஏறக்குறைய எந்தக் காலம் என்பதைச் சொல்லிவிடும். அது தெரிந்தாலே தேட வேண்டிய பெயர்கள் ஆயிரத்திலிருந்து முப்பது நாற்பதாகக் குறைந்துவிடும்.

எட்டு அங்குலம் உயரம், மேலே நிஜத் துணியில் தைத்த உடை என்றால் பெரும்பாலும் மெகோ நிறுவனத்துடையது. 1972-இலிருந்து 70-கள் முழுக்க வந்த வரிசை அது. நாலரை அங்குலத்திலிருந்து ஐந்துக்குள் இருந்து, கழுத்து, தோள், இடுப்பு என்று சில இடங்களில் மட்டும் அசைந்தால் 80-கள், 90-களின் உலகம்: கென்னரின் சூப்பர் பவர்ஸ், மாட்டெலின் சீக்ரெட் வார்ஸ், டாய் பிஸ் வெளியிட்டவை. ஆறு அங்குலம், முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால்வரை மடங்குகிறது என்றால் 2002-இல் டாய் பிஸ் தொடங்கி, பிறகு ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போன மார்வெல் லெஜெண்ட்ஸ் என்று நினைக்கலாம். அதைவிட ஒரு அங்குலம் கூடுதலாக, ஏழு அங்குலத்தில், சூப்பர்மேன், பேட்மேன் போன்ற டிசி காமிக்ஸ் பாத்திரமாக இருந்தால் 2020-இல் தொடங்கிய மெக்ஃபார்லேன் வரிசையைப் பாருங்கள். இவை இல்லாத வரிசைகளும் நிறைய உண்டு. ஆனால் பழைய பையில் கைவிட்டால் முதலில் அகப்படுபவை பெரும்பாலும் இவைதான்.

சூப்பர் பவர்ஸுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை உண்டு. 1984 முதல் 1986 வரை வந்த இந்த வரிசையில் உடம்புக்குள் ஒரு சின்ன இயந்திர அமைப்பு இருக்கும். சூப்பர்மேனின் இரண்டு கால்களையும் சேர்த்து மெதுவாக அழுத்தினால் கைகள் குத்துவதுபோல அசையும். ஃப்ளாஷுக்குக் கைகளை அழுத்தினால் கால்கள் ஓடும். அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் வேறு வரிசை என்று முடிவுகட்ட வேண்டாம், உள்ளே உடைந்தும் போயிருக்கலாம். நாற்பது வயதுப் பிளாஸ்டிக் என்பதை மறந்து இறுக்கி அழுத்தி ஒரு ஃப்ளாஷின் தொடையைப் பிளந்தவன் நான். இரண்டு விரல் நுனியால் போதும்.

அப்புறம் முத்திரை

பெரும்பாலான அசல் பொம்மைகளில் எங்கேயாவது பொடி எழுத்தில் உரிமை வரி அச்சாகியிருக்கும். முதுகு, தொடையின் பின்பக்கம், பாதத்தின் அடி, துணி உடுத்தியதென்றால் பிடரியிலும் தோள்பட்டைக்கு நடுவிலும். இந்த வரியில் மூன்று சங்கதி இருக்கலாம்: பாத்திரத்தின் உரிமையாளர் பெயர், பொம்மை செய்த நிறுவனம், ஒரு ஆண்டு எண். உரிமையாளர் மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எழுத்து தேய்ந்து படிக்க முடியாவிட்டால் அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைப் பொம்மைக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடியுங்கள். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பி வரும். அப்படியும் வரவில்லையா, ஒரு சிட்டிகை முகப்பவுடரைத் தேய்த்து மேலே துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். கருப்புப் பொம்மைக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். ஊசியால் கீறிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

ஆண்டு எண்ணை நம்புவதில் ஒரு குழி இருக்கிறது. அது உரிமை பதிவான ஆண்டாகவோ அச்சு உருவான ஆண்டாகவோ இருக்கும். உங்கள் கையில் இருக்கும் பொம்மை கடைக்கு வந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. மெகோவின் எட்டு அங்குல உடம்பின் முதுகில் 1971 என்று ரோமன் எழுத்தில் இருக்கும். சூப்பர் ஹீரோ வரிசை தொடங்கியதோ அதற்கு அடுத்த ஆண்டு. அதே முதுகு 70-களின் பிற்பாதியில் விற்ற பொம்மைகளிலும் உண்டு. ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்துக் குரங்குகளுக்கும் ‘ஸ்டார் டிரெக்’ விண்வெளித் தொடர் பாத்திரங்களுக்கும்கூட அதே உடம்பைத்தான் போட்டார்கள். ஆகவே ஆண்டு எண்ணை ‘இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது’ என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இதே ஆண்டில் செய்தது’ என்று படிக்காதீர்கள்.

உடம்பு ஏன் பொய் சொல்கிறது

வழிகாட்டியின் மையமே இந்த இடம்தான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கென்னரின் சூப்பர் பவர்ஸ் வரிசையில் கிரீன் ஆரோ என்ற வில்லாளி 1985-இல் வந்தான். 1991-இல் அதே நிறுவனம் ராபின் ஹூட் படத்துக்குப் பொம்மை போட்டபோது புதிதாக உடம்பு செய்யவில்லை. இந்த வில்லாளியின் உடம்பை எடுத்து நிறத்தை மாற்றி ராபின் ஹூட் என்று விற்றது. அதனால் பழைய பையில் வில்லாளி ஒருவன் கிடைத்தால் கழுத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் பார்த்தாலும் பயனில்லை. ஒருவன் சூப்பர் ஹீரோ, இன்னொருவன் பழங்கதைக் கொள்ளைக்காரன். உடம்பு இருவருக்கும் பொது.

1992-இல் வந்த பேட்மேன் படத்துக்கான பெங்குவின் என்ற வில்லனும் இதே கதை. திரையில் வந்த பெங்குவின் பார்க்கவே அருவருப்பூட்டும் உருவம். ஆனால் கடையில் கிடைத்த கென்னர் பொம்மை காமிக்ஸில் வரும் உயரத்தொப்பிக்காரர். காரணம், 1984 சூப்பர் பவர்ஸ் பெங்குவினின் அச்சையே சாயம் மாற்றி மறுபடி வார்த்திருந்தார்கள். இந்த இரண்டையும் பிரிக்க உருவத்தைப் பார்த்துப் பயனில்லை. சாயத்தையும், குடை இருந்தால் குடையையும்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது. அங்கே பாசிபா என்ற நிறுவனம் சூப்பர் பவர்ஸ் பொம்மைகளை உரிமம் வாங்கி ‘சூப்பர் அமிகோஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. அமெரிக்க வரிசையில் ரிட்லர் என்ற வில்லன் வரவே இல்லை. பாசிபாக்காரர்கள் கிரீன் லேண்டர்னின் உடம்பை எடுத்து, மேலே கேள்விக்குறிகளைப் போட்டு, ரிட்லராக ஆக்கிவிட்டார்கள். நீதியைக் காக்கும் மோதிரக்காரன் புதிர் போடும் திருடன் ஆகிவிட்டான். இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தவிக்கும் பொம்மைகளில் அது ஒன்று.

இன்றைக்கும் பழக்கம் மாறவில்லை, இன்னும் ஒழுங்காக நடக்கிறது. மார்வெல் லெஜெண்ட்ஸில் ஒரு நடுத்தர ஆண் உடம்பு, ஒரு பருத்த உடம்பு, ஒரு மெலிந்த உடம்பு என்று வைத்துக்கொண்டு அதன்மேல் பல பாத்திரங்களை ஓட்டுகிறார்கள். சேகரிப்பாளர்கள் அந்த உடம்புகளுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். 2012-இல் கேப்டன் அமெரிக்கா உடையில் வந்த அவனுடைய தோழன் பக்கியின் உடம்பு ‘பக்கி கேப்’ உடம்பு என்றே ஆகிவிட்டது. அதன் பிறகு ஹீரோவும் வில்லனுமாக எத்தனையோ பேர் அந்த உடம்பில் வந்துபோனார்கள்.

அப்படியானால் உடம்பில் பார்க்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பொது உடம்பின் மேல் அந்தப் பாத்திரத்துக்காகவே தனியாக வார்த்து ஒட்டிய பகுதிகளைத் தேடுங்கள். இடுப்புப் பட்டை, கழுத்துப் பட்டி, முழங்கைக் காப்பு, பூட்ஸின் மேல்விளிம்பு. பொது உடம்பில் சாயத்தால் மட்டும் வரைந்த பூட்ஸுக்கு விளிம்பில் மேடு இருக்காது, நகத்தால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். தனியாக வார்த்ததில் நகம் தட்டும். நகம் தட்டும் இடங்கள்தான் சாட்சி. மற்றவை சாயம்.

தலையும் முகமும்

தலைதான் பெரும்பாலும் அந்தப் பாத்திரத்துக்கென்றே செய்த பகுதி. ஹீரோவையும் அவனுடைய எதிர்நிழலான வில்லனையும் பிரிக்க வேண்டிய இடம் இதுதான். காமிக்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம்: ஹீரோவுக்கு அதே உடையில் ஒரு எதிரியைப் படைப்பார்கள். பொம்மைக்காரருக்கு அது லாட்டரி, ஒரு அச்சில் இரண்டு பேரை விற்கலாம். ஷசாமும் பிளாக் ஆடமும் அப்படி. இரண்டு பேர் நெஞ்சிலும் மின்னல். ஆடமின் உடை கருப்பு, தோளில் மேலங்கி கிடையாது, காது கூர்மை, நெற்றி முடி நடுவில் கூர்ந்து இறங்கும். சாயம் உரிந்து சின்னம் அழிந்துபோனாலும் காது அழியாது. ஃப்ளாஷும் ரிவர்ஸ் ஃப்ளாஷும் அதைவிடக் கடினம், இரண்டு பேருக்கும் ஒரே காது இறக்கை, ஒரே முகமூடி. அங்கே நிறத்தை நம்பித்தான் ஆக வேண்டும்: ஒருவன் சிவப்பில் மஞ்சள் மின்னல், மற்றவன் மஞ்சளில் சிவப்பு மின்னல்.

தலையில் ஒரு எச்சரிக்கை. ஆறு அங்குலப் பொம்மைகளில் தலை பெரும்பாலும் ஒரு குமிழ் மூட்டில் அழுத்தி மாட்டியிருக்கும், இழுத்தால் கழன்றுவிடும். வீட்டுக் குழந்தைகளும் சரி, விற்கிறவர்களும் சரி, தலையை மாற்றி மாட்டுவது சாதாரணம். கழுத்தின் தோல் நிறமும் முகத்தின் தோல் நிறமும் ஒத்துப்போகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளி தெரிந்தாலோ, தலை அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தாலோ அது வேறு ஒருவன் தலை.

கைகளும் ஓட்டைகளும்

ஆயுதம் தொலைந்துபோயிருக்கும், ஆனால் அதைப் பிடித்த கை அங்கேயே இருக்கும். இரண்டு விரல் நீட்டி நடு இரண்டு விரல் மடங்கியிருந்தால் சிலந்திவலை வீசுகிற கை, அதைப் பார்த்தாலே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக வளைந்திருந்தால் துப்பாக்கி விசை. மூடிய விரல்களுக்கு நடுவே உருளையான துளை இருந்தால் கம்பு, கோடரி, சுத்தியல், குடை, திரிசூலம், ஏதோ ஒன்று. துளையில் ஒரு பல்குத்தியை விட்டுப் பார்த்தால் கைப்பிடி எவ்வளவு பருமன் என்று தெரியும். சூப்பர் பவர்ஸ் ஜோக்கர் கையில் ஒரு பெரிய சுத்தியல் இருக்கும், அக்வாமேன் கையில் திரிசூலம். எந்தச் சாமான் எந்தக் கையில் பொருந்துகிறது என்று பார்த்தே கலந்துபோன சாமான்களைப் பிரிக்கலாம்.

முதுகைத் திருப்புங்கள். நடு முதுகில் ஒற்றைத் துளை இருந்தால் மேலங்கி, இறக்கை, பை, கேடயம் ஆகியவற்றில் ஒன்று மாட்டியிருந்திருக்கிறது. நான்கு துளை வரிசையாக இருந்தால், முதுகில் நான்கு இயந்திரக் கைகள் கொண்ட டாக்டர் ஆக்டோபஸின் நினைவு வராமல் போகாது. உள்ளங்காலில் உள்ள துளையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது நிறுத்தித் தாங்கும் தட்டுக்கானது. இடுப்பின் பக்கத்தில் ஒற்றைத் துளை என்றால் ஆயுத உறைக்கானது. துளையே இல்லாத முதுகும் ஒரு செய்திதான்: மேலங்கி கழுத்தில் மாட்டும் வகையா என்று பாருங்கள். சூப்பர் பவர்ஸ் சூப்பர்மேனுக்கும் பேட்மேனுக்கும் துணி மேலங்கியைக் கழுத்தில் பிளாஸ்டிக் பட்டி ஒன்று பிடித்திருக்கும். இப்போது போலி மேலங்கி நிறைய விற்கிறார்கள். நாற்பது வருடம் பழசான துணி மடிப்புகளில் வெளுத்திருக்கும். உடம்பு அழுக்கேறித் தேய்ந்திருக்க, மேலங்கி மட்டும் நேற்றுத் தைத்ததுபோல் இருந்தால் அது நேற்றுத் தைத்ததுதான்.

பையின் அடியில் கிடந்தவை

தனியாகக் கிடக்கும் சாமான்களை எறிந்துவிடாதீர்கள். 2005-இல் டாய் பிஸ், மார்வெல் லெஜெண்ட்ஸின் ஒன்பதாவது தொடரில் ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் கலாக்டஸ் என்ற ராட்சதனின் ஒரு உறுப்பு மட்டும் இருக்கும். தொடரின் எல்லாப் பெட்டிகளையும் வாங்கினால்தான் முழு உருவம் சேரும். பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. அதனால் உங்கள் பையில் எதற்கும் பொருந்தாத ஒரு பெரிய கை கிடந்தால் அது உடைந்த பொம்மையின் கை இல்லை, சேராமல் போன ஒருவனின் பாகம். முறிந்த தடயம் இல்லாமல் மூட்டுக் குமிழ் சுத்தமாக இருந்தால் இதுவே காரணம். அந்தக் கை எந்தத் தொடர் என்று கண்டுபிடித்தால், அதே பையில் இருக்கும் மற்ற ஆறு அங்குலப் பொம்மைகளில் ஒன்றாவது அதே தொடராக இருக்க வாய்ப்பு அதிகம்.

சீக்ரெட் வார்ஸ் இன்னும் எளிமை. 1984-85-இல் மாட்டெல் போட்ட அந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேடயம் உண்டு. அதற்குள் சாய்த்துப் பார்த்தால் படம் மாறும் அட்டைகளைச் செருகலாம். ஹீரோக்களுக்கு வட்டக் கேடயம், வில்லன்களுக்குச் சதுரம். பாத்திரத்தின் பெயரே தெரியாத ஒருவர்கூடக் கேடயத்தின் வடிவத்தை வைத்து எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம், கேடயம் அவனுடையதாக இருந்தால். உள்ளே அட்டை தங்கியிருந்தால் அதில் இருக்கும் முகமே பெயரைச் சொல்லும். அதே வரிசையில் வால்வரீனின் நகங்கள் கருப்பிலும் வெள்ளியிலும் இரண்டு விதமாக வந்தன. கருப்பு நகம்தான் அரிது. அதனால் வெள்ளி நகத்துக்குக் கருப்புச் சாயம் பூசி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், நகத்தின் வேர்ப்பகுதியைப் பெருக்குக் கண்ணாடியில் பாருங்கள்.

பெட்டியோ அட்டையோ இருந்தால்

பெட்டியுடன் வந்தால் வேலை சுலபம் என்று தோன்றும், பாதிதான் சரி. முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே அதே வரிசையில் அப்போது விற்றுக்கொண்டிருந்த மற்ற பொம்மைகளின் படம் இருக்கும். அதை எண்ணினால் காலம் தெரியும். சூப்பர் பவர்ஸில் முதல் ஆண்டு அட்டையில் 12 பேர், இரண்டாம் ஆண்டில் 23, மூன்றாம் ஆண்டில் 33. ஒரே சூப்பர்மேன் மூன்று அட்டையிலும் வந்திருக்கலாம். 12 பேர் அட்டை என்றால் 1984. டார்க்சைடு என்ற வில்லனும் அவன் கூட்டமும் 1985-இல்தான் சேர்ந்தார்கள், அவர்களை 12 பேர் அட்டையில் ஒட்டி யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அட்டையில் பொம்மையை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழைத் திறந்துவிட்டு மறுபடி ஒட்டி, ‘பிரிக்காதது’ என்று விற்பதும் உண்டு. குமிழின் விளிம்பைச் சுற்றி அட்டையின் மேல்தாள் எங்காவது மயிரிழையாகக் கிழிந்திருக்கிறதா, பசை வெளிச்சத்தில் பளபளக்கிறதா என்று பாருங்கள். பழைய குமிழ் மெல்ல மஞ்சளாகும். குமிழ் மஞ்சளாக இருக்க உள்ளே பொம்மை பளிச்சென்று இருப்பது சாதாரணம். அதே அட்டையில் குமிழ் மட்டும் கண்ணாடிபோல இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.

நம் ஊரில் கடையில் வாங்கும் புதுப் பெட்டியில் இன்னொரு அடையாளமும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயரும் விலையும் மாதமும் ஒட்டுச்சீட்டில் இருக்க வேண்டும். ஆனால் ஐஎஸ்ஐ சொல்வது பொருளின் பாதுகாப்பைப் பற்றி. அந்தப் பாத்திரத்தைச் செய்ய மார்வெல்லோ டிசியோ அனுமதி கொடுத்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை. அதற்கு உரிமை வரியைத்தான் தேட வேண்டும்.

உரிமம் இல்லாத போலிகளில் உரிமை வரி இருக்காது, அல்லது கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். அசல் பொம்மையிலிருந்தே அச்செடுத்தால் புதிதாக வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பதினைந்து சென்டிமீட்டர் பொம்மையில் சில மில்லிமீட்டர் குறையும். அசலும் போலியும் பக்கத்தில் நின்றால் போலி ஒரு தம்பிபோல இருக்கும். மற்றபடி பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும். ‘சென்ஸ் ஆஃப் ரைட் அலையன்ஸ்’ என்று பெயர் போட்டு, சூப்பர் ஹீரோக்களோடு கார்ட்டூன் அரக்கன் ஷ்ரெக்கையும் நிற்க வைத்த ஒரு சீனப் பெட்டி இணையத்தில் புகழ்பெற்றது. அதை வேடிக்கைக்காகவே சேகரிப்பவர்கள் உண்டு. நானும் கிடைத்தால் வாங்குவேன்.

சரி, அந்தக் கருப்பு உருவம்

இப்போது மேசைக்குத் திரும்புவோம். அளந்தேன், நாலரை அங்குலம். கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை, மொத்தம் ஐந்து இடத்தில்தான் அசைந்தது. முழங்கால் மடியவில்லை. கால்களை அழுத்தினேன், கைகள் அசையவில்லை. அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் சூப்பர் பவர்ஸ் டிசி வரிசை, நெஞ்சில் இருக்கும் சிலந்தியோ டிசி இல்லை. முகப்பவுடர் தடவியதும் உரிமை வரியில் மார்வெல் என்பது எழும்பியது. ஆண்டு எண்ணில் முதல் மூன்று இலக்கம் 198, நான்காவது தேய்ந்துபோயிருந்தது.

80-களில், இந்த அளவில், ஐந்து மூட்டோடு மார்வெல் என்றால் சீக்ரெட் வார்ஸ். அதில் இரண்டு ஸ்பைடர்மேன் உண்டு: முதல் தொடரில் சிவப்பும் நீலமும் உடுத்தியவன், இரண்டாம் தொடரில் கருப்பு உடைக்காரன். காமிக்ஸில் ஸ்பைடர்மேன் கருப்பு உடை போட்டது 1984-இல். வெனம் என்ற வில்லன் முழுசாக வந்து நின்றதோ 1988-இல், அமேசிங் ஸ்பைடர்மேன் 300-ஆவது இதழில். மாட்டெல் இந்த வரிசையை 1985-இல் முடித்துவிட்டது. பிறக்காத வில்லனுக்கு யாரும் பொம்மை போட முடியாது.

தேய்ந்த இலக்கம் 9 ஆக இருந்து வேறு நிறுவனத்தின் பொம்மையாக இருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கு உடம்பும் முகமும் பதில் சொல்லின. டாய் பிஸ் 1991-இல் வெளியிட்ட வெனம் பருத்த ஆள், வாய் நிறையப் பல், உடம்பிலிருந்து கோந்துபோல வழியும் விளையாட்டு அமைப்பு வேறு. என் மேசையில் இருந்தவன் மெலிந்தவன். முகத்தில் வாய்க்கு ஒரு கோடுகூடக் கிடையாது. நகத்தால் தாடையைத் தடவினால் வழுவழு.

அப்படியென்றால் சதுரக் கேடயம்? அது ஹீரோவின் கேடயம் இல்லை. பையை மறுபடி தலைகீழாகக் கொட்டினேன். தலைக்கவசம் போட்ட சிவப்பு உருவம் ஒன்று துணி மடிப்பில் சிக்கியிருந்தது. அதே உயரம், அதே ஐந்து மூட்டு. முகம் பார்த்தால் மேக்னீட்டோ. கேடயத்துக்குள் ஒரு அட்டை பாதி நழுவிக் கிடந்தது. சாய்த்துப் பார்த்தபோது தெரிந்த முகமும் அந்தக் கவசக்காரன்தான். வில்லனுக்கு வில்லன் கேடயம் சேர்ந்துவிட்டது. ஸ்பைடர்மேனுக்குரிய வட்டக் கேடயம் பையில் இல்லை. அத்தை மகனிடம் கேட்டிருக்கிறேன், அந்த வீட்டில் இன்னொரு பெட்டி இருந்ததாம், அடுத்த முறை போகும்போது விசாரிக்கிறேன் என்றான். பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் இன்னமும் அதை வெனம் என்றுதான் கூப்பிடுகிறான்.